முதல் ஊழியருக்கான சம்பள ஏற்பாடு: இலங்கை

இலங்கையில் தனி ஆளாகக் கடை நடத்துபவர் சம்பளத்துக்கு ஒருவரை வைத்த நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதி அவருக்குப் பொருந்தும். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதி பொதுவாக 20 பேர் வேலை செய்யும் நிறுவனங்களில்தான் கட்டாயம். இங்கே ஒருவர் இருந்தாலே போதும். ‘ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பதிவோம்’ என்பது பரவலான வழக்கம். ஆனால் தகுதிகாண் காலத்துக்கும் பங்களிப்பு செலுத்தியே ஆகவேண்டும். ஆகவே முதல் வேலை, தொழில் திணைக்களத்தில் தொழில்தருநராகப் பதிந்து இலக்கம் பெறுவது. ஊழியரின் அங்கத்துவ இலக்கமும் அதன்கீழ்தான் வரும்.

மட்டக்களப்பில் ஒரு புத்தகக் கடை என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 40,000 ரூபா. மார்ச்சில் ஊழியர் 10 மணி நேரம் மேலதிகமாக வேலை செய்திருக்கிறார். கடை, அலுவலக ஊழியருக்கு மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து, ஒன்றரை மடங்காக்கினால் மேலதிக நேரத்தின் மணிக்கூலி கிடைக்கும். இங்கே அது 250 ரூபா, மொத்தம் 2,500. இந்தத் தொகைக்குச் சேமலாப நிதி இல்லை. 40,000க்கு 8 சதவீதமான 3,200 ரூபாவைக் கழித்தால் ஊழியர் கைக்கு 39,300 வரும்.

முதலாளி தன் பணத்திலிருந்து சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் (4,800), ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் (1,200) போடவேண்டும். மார்ச்சில் கடைக்கு ஆகும் முழுச் செலவு 48,500 ரூபா. ஆளை அமர்த்தும்போது இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான் பிறகு தங்கள் 12 சதவீதத்தையும் ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அது சட்டவிரோதம். உணவு, வாழ்க்கைச் செலவுப் படிகளைத் தனியே பிரித்துக் காட்டினாலும் பங்களிப்பு குறையாது. அவையும் கணக்கில் சேரும்.

திகதிகள் இரண்டு. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். மார்ச் சம்பளத்துக்கு ஏப்ரல் 10 கடைசி நாள். இரு நிதிகளுக்குமான பணம் ஏப்ரல் முடிவதற்குள் போய்ச்சேர வேண்டும். சேமலாப நிதிப் பணம் பிந்தினால், தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மிகைக்கட்டணம் ஏறும். அதையும் முதலாளியே கட்டவேண்டும்.

சம்பளச் சீட்டில் மாதம், அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரத்தின் மணிகளும் தொகையும், கழித்த 3,200, முதலாளி போட்ட 4,800, 1,200, கையில் கொடுத்த தொகை, அங்கத்துவ இலக்கம் எல்லாம் இருக்கட்டும். வரவுப் பதிவையும், ஊழியர் கையொப்பமிட்ட பிரதியையும், நிதிக்குக் கட்டிய பற்றுச்சீட்டையும் மாதவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். தொழில் அதிகாரி வந்தால் கேட்பது இவற்றைத்தான்.

சீட்டில் 3,200 கழித்திருப்பதாலேயே பணம் நிதிக்குப் போய்விட்டது என்று ஊழியர் நம்பிவிடக்கூடாது. அங்கத்துவ இலக்கத்தைக் கொண்டு தன் கணக்கு மீதியை இடைக்கிடை பார்த்துக்கொள்ள வேண்டும்; பணம் ஏறாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.