பத்து மணிக்கு மாறிய எண்

காலை 10 மணி. ஓர் அணையின் நீர்மட்டத்தைக் காட்டும் டாஷ்போர்டை அதன் பொறுப்பாளர் மறுபடி வெளியிடுகிறார். `level.json` என்ற சின்னக் கோப்பில் 98 அடி என்று இருந்தது 101 ஆகிறது. மூல சர்வரில் வேலை அந்த நொடியே முடிந்துவிட்டது, அவர் திரையிலும் 101 வந்துவிட்டது. 10.05-க்கு மதுரையிலிருந்து போன் வருகிறது: "சார், இன்னும் 98-தான் காட்டுது."

அந்த 98 எங்கிருந்து வந்தது? 9.40-க்கு அந்தப் பக்கத்து ஆள் யாரோ டாஷ்போர்டைத் திறந்திருக்கிறார். சிடிஎன் என்னும் விநியோக வலையில் அவருக்குக் கிட்டத்தில் உள்ள சர்வர், மூலத்திடம் கேட்டு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொண்டது. நகலோடு `max-age=3600` என்ற குறிப்பும் வந்தது: 3600 விநாடிக்கு, அதாவது ஒரு மணி நேரத்துக்கு, இதையே கொடுக்கலாம். ஆகவே 10.40 வரை அந்த சர்வர் மூலத்தைத் திரும்பிப் பார்க்காது. பொறுப்பாளரின் கோரிக்கை போனதோ வேறு ஊர் சர்வருக்கு. அங்கே அன்று யாரும் இந்தக் கோப்பைக் கேட்டிருக்கவில்லை, அதனால் புதிதாக வாங்கித் தந்தது.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, கேட்டே தெரிந்துகொள்ளலாம். மதுரையில் உள்ளவர் இப்படிக் கேட்டால்:

```
curl -sI https://example.org/level.json
```

பதிலில் `age: 1500` என்று வரும். நகலுக்கு வயது 25 நிமிடம், 9.40-க்குப் பிறந்தது.

10.10-க்குப் பொறுப்பாளர் சிடிஎன்னில் பர்ஜ் கொடுக்கிறார். எல்லா ஊர் சர்வர்களிலும் பழைய நகல் அழிகிறது. மதுரைக்காரர் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறக்கிறார், அதே 98! பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அவருடைய பிரவுசர் 10.05-க்கே தனக்கென ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டது. 3600-இல் 1500 போக மீதி 2100 விநாடி, அதாவது 35 நிமிடம், அதற்கு உரிமை இருக்கிறது. பர்ஜ் சிடிஎன்னோடு நின்றுவிடும், அவருடைய கணினிக்குள் போகாது. பிரவுசரின் டெவ்டூல்ஸில் Network பகுதியைத் திறந்தால், அந்தக் கோப்புக்கு நேரே `disk cache` என்று இருக்கும். அதே கணினியில் `-I` இல்லாமல் `curl` கொடுத்தால் 101 வரும், ஏனென்றால் அது பிரவுசரின் சேமிப்பைத் தொடுவதில்லை.

எண் மாறிக்கொண்டே இருக்கும் கோப்புக்கு `no-cache` போடுவதே சரி. பெயரைப் பார்த்து, சேமிக்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சேமிக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டே காட்ட வேண்டும் என்பதுதான் பொருள். கோப்பு மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் சொல்லும், கோப்பு மறுபடி இறங்காது.

ஆனால் 10.10-க்கு இதை மாற்றினாலும் மதுரைக்காரருக்கு அன்று பயனில்லை. புதிய குறிப்பு புதிய நகலோடுதான் போகும். அவரிடம் இருக்கும் நகலில் எழுதியிருப்பது 3600. அவராகவே Ctrl+Shift+R அழுத்தினால் உண்டு. இல்லாவிட்டால் 10.40 வரை அவருக்கு 98 அடிதான்.