வீட்டுப்பாடத்துக்குச் சாட்போட்டைக் கேட்கலாமா? தலைமையாசிரியரின் அறிவிப்பு சொல்வது என்ன?

"என் பிள்ளை சாட்ஜிபிடியைப் பார்த்துக் கணக்கு செய்யறான், விடலாமா?" தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இது. மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் பெற்றோருக்கு அனுப்பியுள்ள அறிவிப்பு இதற்குப் பதில் தருகிறது. முக்கிய விவரங்கள் இதோ.

பிள்ளை தனியாகப் பயன்படுத்தலாமா?

கூடாது. சாட்ஜிபிடி கணக்கு வைத்திருக்கக் குறைந்தது 13 வயதாக வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளோருக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும். தொடக்கப்பள்ளி மாணவர்கள் 7 முதல் 12 வயதினர். ஆகவே பெற்றோர் தங்கள் கணக்கில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

எது உதவி, எது ஏமாற்று?

வீட்டுப்பாடத்தில் 2/3 + 1/4 என்ற கணக்கு இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அதை அப்படியே தட்டி விடையை எழுதினால் அது ஏமாற்று. அதற்குப் பதிலாக, "1/2 + 1/3 எப்படிக் கூட்டுவது?" என்று வேறொரு கணக்கைக் கேட்கலாம். பகுதி எண்களைச் சமமாக்கும் முறை புரிந்ததும் திரையை மூடிவிட்டு, 8/12 + 3/12 = 11/12 என்று பிள்ளையே செய்ய வேண்டும்.

சொல்ல வேண்டுமா?

ஆமாம். பாடத்தின் கீழே ஒரு வரி போதும்: "பின்னம் கூட்டும் முறையைச் சாட்போட்டிடம் கேட்டேன். கணக்கை நானே செய்தேன்." இப்படி எழுதினால் மதிப்பெண் குறையாது என்கிறது அறிவிப்பு.

அது சொல்வது சரியா என எப்படித் தெரிந்துகொள்வது?

தமிழ்ப் பாடத்தில் கூடுதல் கவனம் தேவை. திருக்குறள் கேட்டால், இல்லாத குறளையும் சாட்போட் நம்பும்படி எழுதித் தரும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 133 அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் 10 குறள்கள். 40ஆவது அதிகாரமான 'கல்வி'யில் உள்ளவை 391 முதல் 400 வரை மட்டுமே. "கல்வி அதிகாரம், குறள் 215" என்று வந்தால் தவறு. 215 'ஒப்புரவறிதல்' அதிகாரத்தில் வருகிறது. குறளின் முதல் அடியில் 4 சீர், இரண்டாம் அடியில் 3 சீர் இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் பொருந்தினாலும் கடைசியில் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆசிரியருக்கு எப்படித் தெரியும்?

சாட்போட் எழுதியதைக் கண்டறியும் மென்பொருள்கள் பிள்ளை சொந்தமாக எழுதியதையும் தவறாகக் காட்டுவதுண்டு. அதனால் அவற்றை வைத்துத் தண்டிக்கப் போவதில்லை. சந்தேகம் வந்தால், "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? இதை ஏன் இப்படி எழுதின?" என்று ஆசிரியர் வகுப்பில் கேட்பார். விளக்க முடியாவிட்டால், பிள்ளை அந்தப் பாடத்தை ஆசிரியர் முன்னிலையில் மறுபடியும் செய்ய வேண்டும்.

அதே கேள்வியைப் பெற்றோர் முதல் நாள் இரவே வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.