ஊரிலிருந்து வந்த பட்டா படம்: 12.50 என்பது சென்ட் அல்ல

சாங்கியில் வேலை செய்யும் அண்ணனுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தம்பி வாட்ஸ்அப்பில் பட்டாவின் படத்தை அனுப்புகிறார். “அப்பா நிலம் பன்னிரண்டரை சென்ட்தான் அண்ணே. உங்க பாதிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிடலாம்” என்கிறார். ஆறேகால் சென்ட்தானே என்று அண்ணனும் சம்மதிக்கிறார். இருவரும் தவறாகப் படித்திருக்கிறார்கள்.

பட்டாவில் ‘பரப்பு’ என்ற கட்டத்தின் கீழ் ‘ஹெக்–ஏர்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதில் 0 – 12.50 என்றால், ஹெக்டேர் எதுவும் இல்லை, பன்னிரண்டரை ஏர் என்று பொருள். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். எனவே அந்த நிலம் ஏறக்குறைய 31 சென்ட். பாதி என்றால் பதினைந்தரை சென்ட் வரும். பக்கத்துக் கட்டத்தில் உள்ள ‘தீர்வை ரூ–பை’ நிலவரி. அது நிலத்தின் விலை அன்று.

பெயரையும் கவனித்துப் படிக்க வேண்டும். பட்டாவில் தகப்பனார் பெயர் முதலில் வரும், ‘மகன்’ என்ற சொல்லுக்குப் பிறகு வருவதே உரிமையாளர் பெயர். பல பெயர்கள் இருந்தால் அது கூட்டுப் பட்டா. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்தப் பெயர் வரிசை சொல்லாது.

அடுத்து, அப்பா வாங்கிய கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள ‘சொத்து விவரம்’ பகுதியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அதில் பரப்பு பெரும்பாலும் ஏக்கர், சென்ட் கணக்கில் இருக்கும். நான்கு எல்லைகளும் இருக்கும். அங்கே 31 சென்ட் என்று இருந்தால் பட்டாவோடு கணக்கு ஒத்துப்போகிறது. பத்திரத்தில் புல எண் 142/3 என்றும் பட்டாவில் 142/3B என்றும் இருந்தால் பதற்றம் வேண்டாம். பிற்பாடு உட்பிரிவு செய்யப்பட்டிருக்கலாம். ஆனால் பரப்பு குறைந்திருந்தால், மீதி எந்த உட்பிரிவில், யார் பெயரில் போனது என்று கேட்க வேண்டும்.

படத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. இணையத்தில் எடுத்த பட்டாவின் அடியில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அதை eservices.tn.gov.in தளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். அதனால் படத்தில் தாளின் நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். மேலே உள்ள மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண்ணும் அடியில் உள்ள குறிப்பு எண்ணும் வெட்டுப்பட்டுவிடக் கூடாது.

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. நிலம் அடமானத்தில் இருக்கிறதா, விற்கப்பட்டதா என்பதை அது காட்டாது. அதற்கு tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்க வேண்டும். பதிவு செய்யாத கடனும் வாய்வழிப் பாகமும் அதிலும் வராது. அவற்றைத் தம்பியிடம்தான் கேட்க வேண்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே.