மேகவெடிப்பு
மிகக் குறுகிய நேரத்தில், சிறிய பரப்பில் கொட்டித் தீர்க்கும் அதிதீவிர மழை. எவ்வளவு பெய்தது என்பதைவிட எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதே இதன் அடையாளம்.

டென்மார்க் வானிலை நிறுவனத்தின் வரையறைப்படி, 30 நிமிடங்களில் 15 மி.மீ.க்கு மேல் பெய்தால் அது மேகவெடிப்பு. 6 மணி நேரத்தில் 24 மி.மீ.க்கு மேல் பெய்வது கனமழை. பின்னதில் மொத்த நீர் அதிகம். ஆனால் சராசரி வேகம் மணிக்கு 4 மி.மீ. மட்டுமே. முன்னதில் அது 30 மி.மீ. ஒரு ஹெக்டேர் தார்த்தளத்தில் அரை மணியில் விழும் 15 மி.மீ. மழை 1,50,000 லிட்டர் நீராகும். அதே நீர் 6 மணி நேரத்தில் வந்தால் வடிகால் தாங்கிவிடலாம். அரை மணியில் வந்தால் சாலை மூழ்கும்.

சாதாரண கனமழை பரந்த மேகத்திரளிலிருந்து நீண்ட நேரம் பெய்வது. மேகவெடிப்போ பெரும்பாலும் கோடைக்கால இடிமேகத்தில் உருவாகிறது. சூடான ஈரக்காற்று வேகமாக மேலெழுந்து, பெருமளவு நீரை மேலேயே தாங்கி வளர்க்கிறது. காற்றின் வலு குறைந்ததும் அந்நீர் ஒருசேர இறங்குகிறது. மேகம் எதுவும் வெடிப்பதில்லை.

வரையறை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் சுமார் 20 முதல் 30 சதுர கி.மீ. பரப்பில் மணிக்கு 100 மி.மீ. பெய்ய வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவான 49 செ.மீ. மழையின் சராசரி, மணிக்குச் சுமார் 20 மி.மீ. ஆகவே நாள் கணக்கை மட்டும் வைத்து மேகவெடிப்பை உறுதிசெய்ய இயலாது. பரப்பு சிறியது என்பதால் மழைமானிகளுக்கு இடையே அது தப்பிவிடுவதும் உண்டு. அப்போது ரேடார் பதிவே துணை.