அடிப்படைப் புள்ளி

ஆங்கிலத்தின் ‘பேசிஸ் பாயின்ட்’ தமிழ் நாளிதழ்களில் ‘அடிப்படைப் புள்ளி’ ஆனது. ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு அது. புள்ளியை 100-ஆல் வகுத்தால் சதவீதம் வரும். சதவீதத்தை 100-ஆல் பெருக்கினால் புள்ளி.

ரெப்போவோடு இணைந்த வீட்டுக்கடன் வாங்கியவருக்கு 2025-இன் முதல் பாதிப் பட்டியல் முக்கியமானது. ரிசர்வ் வங்கி பிப்ரவரியில் 25, ஏப்ரலில் 25, ஜூனில் 50 புள்ளி குறைத்தது. அதாவது 0.25, 0.25, 0.50. கூட்டினால் 100 புள்ளி; ரெப்போ 6.50-இலிருந்து 5.50-க்கு வந்தது சரியாகப் பொருந்துகிறது. பட்டியலைச் சரிபார்க்க இந்தக் கூட்டல் போதும்.

ஜூன் மாற்றத்தை வெறுமனே ‘0.5 சதவீதம் குறைவு’ என்று எழுதினால்தான் சிக்கல். 6.00-இல் அரை சதவீதப் பங்கு 0.03 மட்டுமே, விகிதம் 5.97 என்றாகிவிடும். பத்து லட்ச ரூபாய்க் கடனில் உண்மையான குறைப்பு ஆண்டுக்குச் சுமார் 5,000 ரூபாய் வட்டி. தவறான வாசிப்பில் 300 ரூபாய்தான். எனவே ‘0.50 சதவீதப் புள்ளி’ என்றே எழுத வேண்டும்.