இன்சைடு பார், டோஜி வந்தால் எப்போது வாங்கலாம்?

ஒரு பங்கின் நேற்றைய கேண்டில் 500 முதல் 520 ரூபாய் வரை நகர்ந்தது என வைத்துக்கொள்வோம். இன்று விலை 508-க்கும் 513-க்கும் இடையிலேயே அடங்கிவிட்டால் அது இன்சைடு பார். தொடங்கிய விலையும் முடிந்த விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அதுவே டோஜி. வாங்குபவர், விற்பவர் ரெண்டு பேருமே ஜெயிக்கல என்று அர்த்தம். அடுத்த திசையை இது சொல்லாது.

513-ஐத் தாண்டியதுமே வாங்கினால், 520-ல் விற்பனை வந்து விலை திரும்பிடலாம். அதனால் 520-க்கு மேல் கேண்டில் முடியும் வரை பொறுக்கணும். 522-ல் வாங்கினால் ஸ்டாப் லாஸ் 507. பங்குக்கு 15 ரூபாய் ரிஸ்க். 1,500 ரூபாய்தான் இழக்க முடியும் என்றால், 100 பங்குகளோடு நிறுத்திக்கணும்.

அடுத்த கேண்டில் மறுபடியும் 520-க்குக் கீழே முடிந்தால் அது போலி பிரேக். ஸ்டாப் லாஸ் வரை காத்திருக்காமல் வெளியேறலாம். சந்தை 507-க்கும் கீழே திறந்தால் நஷ்டம் கணக்கைத் தாண்டும்.