பெரியோரை முன்னிலைப்படுத்தும் வாக்கியம்: வழுவா, வழுவமைதியா?

ஆசார்யர் ஒருவரைச் சீடர் எதிர்கொண்டு, “தாங்கள் எப்போது எழுந்தருளினீர்கள்?” என்று கேட்கிறார். கேட்பவர் செவிக்கு இதில் குறை ஒன்றும் தோன்றுவதில்லை. ஆயினும் பழைய இலக்கண நூல்களைக் கையிற்கொண்டு இதனை ஆராயப் புகுந்தால், மூன்று குற்றங்கள் சாற்ற இடமுண்டு. எழுந்தருளியவர் ஒருவராயிருக்க, பெயரும் வினையும் பன்மையாய் நிற்கின்றன; இது பால் பற்றிய குற்றம். ‘தாம்’ என்பது படர்க்கைப் பெயர், அதனோடு முடிந்த வினையோ முன்னிலை வினை. இது இடம் பற்றிய குற்றம். ‘தாம்’, ‘எழுந்தருளினீர்’ என்பன தம்மளவிலேயே பன்மையாயிருக்க, அவற்றின்மேல் ‘கள்’ விகுதியும் ஏறியிருக்கிறது, இது மிகை. இம்மூன்றையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு பார்த்தால், தமிழில் மரியாதைப் பன்மை வளர்ந்த வரலாறும் தெரியவரும்.

முதற்குற்றத்திற்குத் தொல்காப்பியரே விடை கூறியிருக்கிறார். ஒருவரைப் பன்மையாற் சொல்லுதலும், அஃறிணை ஒன்றனைப் பன்மையாற் சொல்லுதலும் வழக்கிலே உயர்த்துச் சொல்லும் சொல்லாக வருவன. இலக்கண நெறியால் வருவன அல்ல என்பது கிளவியாக்கத்தில் அவர் வைத்த முடிபு. இம்முடிபில் இரண்டு கூறுகள் உள. உலகவழக்கு இதனை மேற்கொண்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்வது ஒன்று. ஒருவனுக்கு ஒருமையே இலக்கணம் என்பதை விட்டுக்கொடாமை மற்றொன்று. ஆகவே மூத்தோரைப் பன்மையாற் கூறுவது அவர் காலத்திலேயே பழகிப்போன வழக்கு என்பதும், அது விதியாகாமல் விலக்காகவே கொள்ளப்பட்டது என்பதும் பெறப்படும்.

நன்னூலார் இதனை வழுவமைதியுள் அடக்கினார். உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு என்னும் ஐந்து காரணம் பற்றிப் பாலும் திணையும் மயங்கினாலும் அவை இயல்பே என்றார். இங்கே கருதத்தக்கது, உயர்வோடு கோபமும் இழிவும் ஒரே சூத்திரத்தில் உடன் எண்ணப்பட்டமையாகும். ஒருவனைப் பன்மையாற் சொல்வதால் மட்டும் மரியாதை உண்டாகிவிடாது. எள்ளி நகையாடும்போதும் அதே பன்மை வரும். பன்மை விகுதி இன்ன பொருளது என்பதைச் சொல்பவன் குறிப்பும் இடமுமே தீர்மானிக்கின்றன.

ஸம்ஸ்க்ருத வ்யாகரணத்திலும் இதனை ஒத்த இடம் ஒன்று உண்டு. பாணினி, தன்மைப் பெயராகிய ‘அஸ்மத்’ சப்தம் ஒருவரையோ இருவரையோ குறிக்கும்போதும் விகற்பமாய்ப் பன்மையில் வரலாம் என்று விதித்தார். முன்னிலைக்கு அவர் அவ்வாறு விதிக்கவில்லை. குருவைக் குறித்து வரும்போது ‘யுஷ்மத்’ சப்தமும் பன்மையாகலாம் என்பது சிலர் மதம் என்று காசிகை அவ்விடத்தில் சேர்த்துக் காட்டுகிறது. அங்ஙனம் பன்மையாக்கும்போது ‘குரு’ என்னும் பயனிலைப் பெயரும் உடன் பன்மையாகும். ஆசிரியரைப் பன்மையால் விளிப்பது அம்மொழியிலும் சிலர் மதமாகவே நுழைந்தது என்பதும், நுழைந்தபின் எழுவாயும் பயனிலையும் எண்ணில் ஒத்து நிற்றல் வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

அடுத்தது ‘கள்’ பற்றிய குற்றம். தொல்காப்பியர் ‘கள்’ விகுதியை அஃறிணைப் பெயர்களுக்கே உரியதாகப் பெயரியலில் ஓதினார். ஆயினும் திருக்குறளிலேயே ‘மற்றையவர்கள்’, ‘பூரியர்கள்’ என்னும் வடிவங்கள் வந்துவிட்டன. நன்னூலார் காலத்தில் ‘கள்’ ஈறு பலர்பாற் பெயர்க்கும் உரியதாக விதியிலேயே ஏறிவிட்டது. இம்மாற்றத்திற்குக் காரணம் மரியாதைப் பன்மையே எனலாம். ‘வந்தார்’ என்பது உயர்ந்தோன் ஒருவனுக்கும் பலருக்கும் பொதுவாய்ப் போனபின், பலர் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேறொரு வடிவம் வேண்டியதாயிற்று; ‘வந்தார்கள்’ அவ்விடத்தை நிரப்பியது. முன்னிலையிலும் இவ்வாறே. ‘நீர்’ என்பது மதிக்கத்தக்க ஒருவரைச் சுட்டப் பழகியபின், பலரைச் சுட்ட ‘நீங்கள்’ வந்தது. நன்னூலார் முன்னிலைப் பெயர்களை எல்லீர், நீயிர், நீவிர், நீர், நீ என ஐந்தாக எண்ணினார். அவ்வெண்ணிக்கையில் ‘நீங்கள்’ இல்லை. பிற்காலத்தில் ‘வந்தார்கள்’, ‘நீங்கள்’ என்பனவும் ஒருவருக்கே மரியாதையாய் வழங்கலாயின. 11-ஆம் நூற்றாண்டு நூலாகிய வீரசோழியம் பலர்பாலுக்கு வேறாகச் ‘சிறப்பு’ என்றொரு வகையைப் பெயர்களில் கொண்டமைக்கும் இவ்வழக்கின் வலிமையே காரணமாதல் வேண்டும்.

இதனால் ஒரு பயன் உண்டு. “ஸ்வாமி அவர்கள் அருளிச்செய்தார்” என்று எழுதினால் பிழை, “அருளிச்செய்தார்கள்” என்றே எழுதவேண்டும் என்று கண்டிப்பாரும் உளர். ‘ஆர்’, ‘ஆர்கள்’ இரண்டும் பலர்பால் விகுதிகளே. ‘அவர்கள்’ என்னும் பலர்பாற் பெயர்க்கு எதனை முடிபாகக் கொடுத்தாலும் பால் ஒத்தே நிற்கும். இரண்டனுள் ஒன்றைத் தெரிந்துகொள்வது வழக்குப் பற்றியது; மற்றதை இலக்கணப் பிழை என்று தள்ள இடமில்லை.

மூன்றாவதாகிய இடம் பற்றிய குற்றமே ஆழ்ந்து நோக்கத்தக்கது. நன்னூலார் எண்ணிய முன்னிலைப் பெயர் ஐந்தனுள் ‘தாம்’ இல்லை. அவ்வைந்தும் தன்மைப் பெயர்களும் ஒழிந்தவை படர்க்கை என்பதால், ‘தாம்’, ‘தாங்கள்’ என்பன படர்க்கையே ஆகும். ஸம்ஸ்க்ருதத்தில் ‘பவான்’ என்னும் மரியாதைச் சொல்லும் இத்தகையதே. ஆனால் அங்கே எதிரில் இருப்பவரையே சுட்டினாலும் வினை ப்ரதம புருஷனிலேயே, அதாவது படர்க்கையிலேயே நிற்கும். தமிழில் ‘தாங்கள்’ முன்னிலை வினையையே கொள்கிறது. “தாங்கள் எழுந்தருளினார்கள்” என்று எதிரில் இருப்பவரிடம் கூறினால், அது வேறு யாரையோ பற்றிய பேச்சாய்விடும். ஆகவே இது இடமயக்கம் என்பதில் ஐயமில்லை. ஒருமை பன்மை மயங்குதலோடு ஓரிடச்சொல் பிறவிடத்தைத் தழுவி வருதலும் உண்டு என்று நன்னூலார் இதற்கும் வழி வைத்திருக்கிறார். அவ்வழியால் ‘தாங்கள் எழுந்தருளினீர்கள்’ என்பது இடவழுவமைதியாய் அமையும்.

நம் பெரியோர் மரபில் வழங்கிவரும் ‘தேவரீர்’ என்னும் சொல்லின் நிலை வேறு. குருபரம்பரை வரலாறுகளில் ஆசார்யர் சீடரை ‘நீர்’ என்பதும், சீடர் ஆசார்யரைத் ‘தேவரீர்’ என்பதும் கண்கூடு. அரசரைத் ‘தேவர்’ என்று கல்வெட்டுகள் குறித்த காலத்தை இச்சொல் நினைவூட்டுகிறது. இதன் ஈற்றில் நிற்கும் ‘ஈர்’ முன்னிலைப் பன்மை விகுதி. இதற்கு இணையாக வைத்துக் காணத்தக்க சொல் ‘அடியேன்’. அடி என்னும் பகுதியோடு தன்மை ஒருமை விகுதியாகிய ‘ஏன்’ சேர்ந்து அடியேன் என நின்றது. “அடியேன் வந்தேன்” என்பதில் இடம் பற்றி ஒருவரும் ஐயுறுவதில்லை. அவ்வாறே தேவர் என்பதோடு ‘ஈர்’ சேர்ந்து, ‘தேவராகிய நீர்’ என்னும் பொருளைத் தருகிறது. ‘தாங்கள்’ என்பதற்கு முன்னிலைத் தன்மை வழக்கினால் வந்தது. ‘தேவரீர்’ என்பதற்கோ அது தன் விகுதியாலேயே உண்டு. ஆதலால் “தேவரீர் எப்போது எழுந்தருளினீர்?” என்னும் வாக்கியத்தில் இடக்குற்றமும் இல்லை, ‘கள்’ மிகையும் இல்லை. ஒருவரைப் பன்மையாற் கூறிய உயர்வு ஒன்றே அதில் உளது. அது தொல்காப்பியர் காலந்தொட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது.

“தேவரீர் எழுந்தருளினார்” என்று சிலர் எழுதுவதற்குக் காரணம், ‘தேவரீர்’ என்பதைப் பட்டப்பெயராகக் கொண்டு அதன் ஈற்றை மறந்தமையே. அப்பிழை வெளிப்படாமல் மறைந்து கிடப்பதற்கும் காரணம் உண்டு. விண்ணப்பங்களில் பெரும்பாலும் “தேவரீர் எழுந்தருளவேண்டும்” என்றே முடிக்கிறோம். ‘வேண்டும்’ மூவிடத்திற்கும் பொதுவாய் நிற்பதால், எழுவாய் எவ்விடத்ததாயினும் அங்கே முரண் தோன்றாது. இறந்தகால வினையோடு சேர்த்துப் பார்த்தால்தான் எழுதுபவர் சொல்லின் இடத்தை அறிந்தாரா என்பது தெரியும்.

இவ்வாராய்ச்சி விண்ணப்பம் எழுதுவதோடு நில்லாமல், பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களைப் படிப்பதிலும் பதிப்பிப்பதிலும் வந்து முடிகிறது. நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈட்டில், ஆழ்வாரைப் பற்றிய வினை பெரும்பாலும் ‘ஆர்’ ஈற்றதாயும், எம்பெருமானைப் பற்றிய வினை ‘ஆன்’ ஈற்றதாயும் வரும். ஆழ்வார் தாமான தன்மையில் பேசுமிடத்தில் ‘என்கிறார்’ என்று நிற்கும். பிராட்டி நிலையை அடைந்து பேசுமிடத்தில் ‘என்கிறாள்’ என்று நிற்கும். எழுவாய் வெளிப்பட வாராமல் வினைகளே தொடர்ந்து செல்லும் நடையாதலால், விகுதியே எழுவாயைக் காட்டித் தருகிறது.

அந்நடையில் அமைத்த ஓர் உதாரணத்தால் இதனைக் காணலாம். “முகங்காட்டினான், கண்டு தரித்தார்” என்றிருப்பின், முகங்காட்டியவன் எம்பெருமான், தரித்தவர் ஆழ்வார் என்பது பெயரின்றியே விளங்கும். எம்பெருமானுக்கு ஒருமை தகாது என்று எண்ணி, “முகங்காட்டினார், கண்டு தரித்தார்” என்று ஒருவர் திருத்தினால் இரு வினைக்கும் எழுவாய் ஒருவரே போலத் தோன்றும். ‘என்கிறாள்’ என்பதை ‘என்கிறார்’ என்று மாற்றினாலோ, அப்பாசுரம் எந்த நிலையில் நின்று பேசப்பட்டது என்னும் வ்யாக்யான முடிபே அழிந்துபோம். எளிய தமிழில் பெயர்த்தெழுதும்போது இத்தகைய திருத்தம் நேர்வதற்கு இடம் மிகுதி. ஓரிடத்தில் எழுவாய் ஐயமாய்த் தோன்றினால், பழம்பதிப்பையோ ஏட்டையோ ஒப்பிட்டு விகுதி மாற்றப்பட்டதா என்று பார்ப்பதே முதலிற் செய்யவேண்டுவது.

எம்பெருமானை ஒருமையாற் கூறுவதில் மரியாதைக் குறைவு உண்டோ எனின், இல்லை. தமிழ் வினையில் மதிப்பு இருக்குமிடம் விகுதி ஒன்றே அன்று. ‘எழுந்தருள்’, ‘அருளிச்செய்’ என்பவற்றில் மதிப்பு வினைப்பகுதியிலேயே அமைந்திருக்கிறது. ஈற்றில் ‘ஆன்’ வந்தாலும் அது குறைவதில்லை. ஆழ்வார்கள் எம்பெருமானை ‘நீ’ என்றதும், ஆசார்யர்கள் அவனை ‘ஆன்’ ஈற்றாற் கூறியதும் தொல்காப்பியர் இலக்கண நெறி என்று வகுத்ததையே பற்றி நிற்கின்றன. பெரியோரைப் பன்மையாற் கூறியது அவர் வழக்கு என்று ஒப்புக்கொண்டதைப் பற்றி நிற்கிறது. ஒரே வ்யாக்யானத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன; ஒன்றை மற்றொன்றாகத் திருத்துவதற்கு அங்கே இடமில்லை.